நோட்டீஸ் மூலையில் ஒரு சின்ன எழுத்து

மூக்குக்கண்ணாடி வாங்கப் போன இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். பெயர், வயது, செல் நம்பர். அதற்குக் கீழே, ‘எங்கள் கடையைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று ஒரு கேள்வி. நண்பர்கள், செய்தித்தாள், டிவி, நோட்டீஸ், இணையம் என்று ஐந்து கட்டங்கள். நான் யோசிக்கவே இல்லை. பேனா எங்கே பட்டதோ அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன், அது ‘நண்பர்கள்’. உண்மையில் நடந்தது என்னவென்றால், பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது, எதிரே கண்ணாடிக் கடை இருந்தது, ஓடி உள்ளே நுழைந்தேன். மழைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மாதக் கடைசியில் அந்தக் கடைக்காரர் என் டிக்கையும் சேர்த்து எண்ணியிருப்பார். டிவி பக்கமே போகாத கடைக்கு வந்து, “டிவியில பார்த்தேன்” என்று நிஜமாகவே நம்பிச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கே பார்த்தோம் என்பது மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் விஷயமே இல்லை. இதைவிடக் கஷ்டம், எந்த வாசகம் தங்களை இழுத்தது என்று கேட்பது. ‘தலைப்பைப் பார்த்து வந்தீர்களா, தள்ளுபடியைப் பார்த்து வந்தீர்களா?’ என்றால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே வாடிக்கையாளரைக் கேட்காமல் விளம்பரத்தையே சாட்சி சொல்ல வைக்கும் ஒரு வழி, செல்போனுக்கெல்லாம் வெகு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது.

1920களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெப்சோடென்ட் பற்பசைக்கு விளம்பரம் வரும். பத்து நாளைக்கு வரும் சின்ன டியூப் இலவசம். கீழே உள்ள கூப்பனை வெட்டி, பெயர் முகவரி எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டிய முகவரியில், கம்பெனி பெயருக்கும் சிகாகோ நகரத்துத் தெருப் பெயருக்கும் நடுவில் ‘டிபார்ட்மென்ட்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் தனி அறையோ தனி ஆட்களோ இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தப் பத்திரிகைக்கு ஓர் எண், அந்தப் பத்திரிகைக்கு வேறு எண். வாசகத்தை மாற்றினால் எண்ணும் மாறும். உறை வந்ததும் குமாஸ்தா எண்ணைப் பார்த்துப் பேரேட்டில் ஒரு கோடு போடுவார். அனுப்பியவருக்கே தெரியாமல், தன்னை எந்த விளம்பரம் அசைத்தது என்று அவர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பற்பசைக்கு விளம்பரம் எழுதியவர் கிளாட் ஹாப்கின்ஸ். 1923இல் ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். எந்த விளம்பரம் நல்லது என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடாதீர்கள், திரும்பி வந்த கூப்பனை எண்ணுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவருக்கு அடுத்து வந்த ஜான் கேப்பிள்ஸ் இதையே வாழ்நாள் தொழிலாகச் செய்தவர். ஒரே பத்திரிகையில், ஒரே அளவில் வந்த இரண்டு விளம்பரங்களில் ஒன்று மற்றொன்றைவிடப் பத்தொன்பதரை மடங்கு விற்றுக் கொடுத்ததைத் தான் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். வேறுபாடு வாசகத்தில். இந்தப் பத்தொன்பதரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் கூப்பனில் எண் போட்டால் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு வாசகம், வெள்ளிக்கிழமை இன்னொரு வாசகம் என்று போட்டால், ஜெயித்தது வாசகமா வெள்ளிக்கிழமையா? அதற்குச் சில செய்தித்தாள்கள் ஒரு வசதி செய்து கொடுத்தன. அச்சு இயந்திரத்திலிருந்து விழும் பிரதிகளில் ஒன்றில் முதல் விளம்பரம், அடுத்ததில் இரண்டாவது, மறுபடி முதலாவது என்று மாறி மாறி வரும். அதே நாள், அதே பக்கம், அதே ஊர். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பேப்பரில் வேறு வாசகம் இருப்பது யாருக்கும் தெரியாது.

நம் ஊர்ச் சிறு வியாபாரிக்குச் செய்தித்தாள் அச்சகம் கைக்கு எட்டாது. ஆனால் செய்தித்தாளுக்குள் சொருகி வரும் பிட் நோட்டீஸ் எட்டும். காலையில் பேப்பரை உதறினால் மடியில் விழுமே, அதேதான். அச்சகத்தில் கொடுத்து அடித்து, பேப்பர் ஏஜென்டிடம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வீடு வீடாகப் போய்விடும். வாசகத்தைப் பரிசோதிக்க இதைவிடத் தோதான சாதனம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் சர்வீஸ் செய்யும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் எண்களும் விளக்குவதற்காக நான் கற்பனை செய்தவை. நடக்கும் விதம் கற்பனை அல்ல. அவர் பல வருடமாக ஒரே நோட்டீஸை அடித்துக்கொண்டிருக்கிறார். தலைப்பு: ‘15 ஆண்டு அனுபவம். எல்லா கம்பெனி ஆர்.ஓ. மெஷின்களும் சர்வீஸ் செய்து தரப்படும்.’ காலேஜ் படிக்கும் மகள் வேறொன்று சொல்கிறாள்: ‘உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ஃபில்டர் மாற்றி எத்தனை மாதம் ஆகிறது?’ அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “நம்மளப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா” என்கிறார். முதலாவதை அனுபவ நோட்டீஸ் என்றும் அடுத்ததைக் கேள்வி நோட்டீஸ் என்றும் கூப்பிடுவோம்.

இரண்டிலும் ஐயாயிரம் ஐயாயிரம் அடிக்கிறார்கள். தலைப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றே: அதே தாள், அதே மஞ்சள், அதே படம், அதே விலைப் பட்டியல். இரண்டிலும், ‘இந்தக் கூப்பனைக் கொடுத்தால் சர்வீஸ் கட்டணத்தில் 100 ரூபாய் தள்ளுபடி’ என்று அடியில் ஒரு கட்டம். கூப்பனின் மூலையில் ஒன்றில் ‘ம’, மற்றொன்றில் ‘ர’ என்று பொடி எழுத்து. அதோடு ஒவ்வொன்றிலும் வேறு செல் நம்பர்.

இந்த இடத்தில் பலர் ஆசைப்பட்டுக் கெடுக்கிறார்கள். ‘வாசகத்தோடு தள்ளுபடியையும் சேர்த்துப் பார்த்துவிடுவோமே’ என்று ஒன்றில் நூறும் இன்னொன்றில் நூற்றைம்பதும் போடுகிறார்கள். நூற்றைம்பது ஜெயிக்கும். வாசகத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

கூப்பன், போன் நம்பர் என்று இரண்டு அடையாளம் எதற்கு? அவை எண்ணுவது வேறு வேறு விஷயங்களை. நம்பர், விசாரித்தவர்களை எண்ணுகிறது. கூப்பன், மெஷினைத் திறக்க விட்டுப் பணம் கொடுத்தவர்களை எண்ணுகிறது. இந்த இரண்டும் ஒன்றாகத்தான் போகும் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

நோட்டீஸ் அச்சகத்திலிருந்து இரண்டு கட்டுகளாக வரும். அப்படியே ஏஜென்டிடம் கொடுத்தால் வேலை கெட்டது. முதல் கட்டு தீர்ந்த பிறகுதான் பையன்கள் இரண்டாவதைப் பிரிப்பார்கள். அனுபவ நோட்டீஸ் முழுக்க அண்ணா நகருக்கும் கேள்வி நோட்டீஸ் முழுக்க வேறொரு பேட்டைக்கும் போய்ச் சேரும். பிறகு எந்தப் பேட்டையில் ஆர்.ஓ. மெஷின் அதிகம் என்பதைத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள். நூறு நூறாகக் கலந்தாலும் இதே கதைதான், ஒரு பையன் கையில் ஒரு நூறு ஒரே தெருவுக்குள் முடிந்துவிடும். ஒன்று விட்டு ஒன்றாகக் கையால் அடுக்க வேண்டும். சீட்டுக்கட்டு கலைப்பதுபோல இரண்டு பேர் உட்கார்ந்து பத்தாயிரம் தாளை அடுக்க ஒரு ராத்திரி போகும். ஏஜென்ட் சிரிப்பார். “அண்ணே, ரெண்டும் ஒரே கடை நோட்டீஸ்தானே, எது எங்க போனா என்னண்ணே?” என்பார். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ‘மேலே இருந்து வரிசையாக எடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதும்.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கும் தொலைபேசிச் சேவைக்காரர்களிடம் ஐம்பது நூறு எண்களை வாடகைக்கு எடுக்கின்றன. எந்த எண்ணுக்கு அடித்தாலும் ஒரே அலுவலகத்தில் மணி அடிக்கும். எந்த எண் வழியாக வந்தது, எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பது தானாகப் பதிவாகும். நம் நாட்டில் இதிலும் ஒரு தனி வழக்கம் உண்டாயிற்று, மிஸ்டு கால். இந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்கள் என்று விளம்பரத்தில் போட்டால், கூப்பிடுகிறவருக்குக் காசு செலவில்லை, கம்பெனிக்கு நம்பர் கிடைத்துவிடுகிறது. இதையே தொழிலாக்கி 2010இல் பெங்களூரில் தொடங்கிய ஸிப்டயல் நிறுவனத்தை 2015இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது.

நம் ஆர்.ஓ. காரருக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு சிம் போடும் போன் ஒன்று போதும். எந்த சிம்முக்கு அழைப்பு வருகிறது என்று திரையிலேயே காட்டும், அழைப்புப் பட்டியலிலும் நிற்கும்.

ஆனால் புது சிம்மை வாங்கிய அன்றே அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. நாம் புது நம்பர் என்று நினைப்பது பல சமயம் பழைய நம்பர்தான். துண்டிக்கப்பட்ட செல் நம்பரை நம் நாட்டில் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். முந்தைய சொந்தக்காரரின் சித்தப்பா, அவர் கடன் வாங்கிய இடம், அவர் சீட்டுக் கட்டிய இடம் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடும். சிம்மைப் போட்டு ஓரிரு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள். தினம் நாலு அழைப்பு வந்தால் அந்த நம்பர் ஆகாது. இன்னொன்று, இரண்டு நம்பரும் ஞாபகத்தில் நிற்பதில் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 55566 என்று முடிந்து, இன்னொன்று கரடுமுரடாக இருந்தால், நோட்டீஸைத் தூக்கிப் போட்டவர்கூட முதலாவதை நினைவிலிருந்து கூப்பிடுவார். ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய ஃபேன்சி நம்பர் இங்கே எதிரி.

எண்ண வேண்டியது அழைப்புகளை அல்ல, கூப்பிட்ட ஆட்களை. மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகும் வீட்டுக்காரம்மா ஒருவரே காலையிலிருந்து ஆறு தடவை கூப்பிடுவார்: “தம்பி, ஆள் கிளம்பிட்டாங்களா?” அது ஒன்றுதான். எடுக்கத் தவறிய அழைப்பும் கணக்கில் சேர வேண்டும். நாம் எடுக்காதது வாசகத்தின் குற்றமில்லை. இரண்டு சிம்முக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். அப்பா அனுபவ நம்பரையும் மகள் கேள்வி நம்பரையும் எடுத்தால், கடைசியில் யார் நன்றாகப் பேசுகிறார்கள் என்ற போட்டியாகிவிடும்.

சரி, நோட்டீஸ் போயாயிற்று. கடைசித் தேதியை முன்னாலேயே குறித்துக்கொண்டார்கள்: முப்பது நாள். அன்று எண்ணிப் பார்த்தால், அனுபவ நம்பருக்கு 41 பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், கேள்வி நம்பருக்கு 68 பேர்.

மகள் ஜெயித்தாளா? இங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நோட்டீஸிலும் ஒரே வாசகம் இருந்திருந்தாலும் 55, 54 என்று அழகாகப் பிரிந்து வந்திருக்காது. நாணயத்தை 109 தடவை சுண்டினால் பூவும் தலையும் சரிபாதியாகவா விழும்? ஏதோ ஒன்று கூட விழத்தான் செய்யும். எவ்வளவு கூட விழுந்தால் அது வெறும் தற்செயல் என்று சொல்ல முடியாது? அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. இரண்டு எண்ணிக்கையையும் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டால் பெருக்குங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். வாசகத்தில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது, ஏறக்குறைய இருபது தடவையில் ஒரு தடவைதான். இரண்டு நோட்டீஸும் சம எண்ணிக்கையில் போயிருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும் என்பதை மறக்கக் கூடாது.

41ம் 68ம் சேர்ந்து 109. வர்க்கமூலம் பத்தரைக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மடங்கு ஏறக்குறைய 21. வித்தியாசம் 27. நம்பலாம், கேள்வி நோட்டீஸ் உண்மையிலேயே அதிகம் பேரைக் கூப்பிட வைத்திருக்கிறது. அப்பாவின் பதினைந்து வருட அனுபவம் தோற்றது என்று மகள் அன்று இரவு கேசரி கிண்டியிருந்தாலும் தப்பில்லை.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்து கூப்பன்களை எண்ணுகிறார்கள். ‘ம’ 24. ‘ர’ 29.

கேசரி கொஞ்சம் கசக்கிறது. கூட்டினால் 53, வர்க்கமூலம் ஏழேகால், இரண்டு மடங்கு பதினாலரை. வித்தியாசம் வெறும் ஐந்து. இது நாணயம் சுண்டியதற்குச் சமம். கேள்வி நோட்டீஸ் 27 பேரை அதிகமாகப் பேச வைத்தது, ஆனால் பணம் கொடுக்க வைத்ததா என்பது தெரியவில்லை. எப்படி? அழைப்புகளை யோசித்துப் பார்த்தால் புரியும். ‘எத்தனை மாதம் ஆகிறது?’ என்று நாம் கேட்டால், ஜனங்கள் பதிலுக்கு நம்மைக் கேட்பார்கள். “எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?” “போன வருஷம்தான் வாங்கினோம், இப்பவே மாத்தணுமா?” பதில் கிடைத்ததும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். அனுபவ நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டவர் பெரும்பாலும் மெஷின் ஓடாமல் நிற்கும் வீட்டுக்காரர். அவருக்கு ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். 41 பேரில் 24 பேர் வேலை கொடுத்தார்கள். 68 பேரில் 29.

நம்பரை மட்டும் எண்ணியிருந்தால் தலைப்பை மாற்றிவிட்டுச் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். கூப்பனை மட்டும் எண்ணியிருந்தால், மகள் எழுதிய வாசகத்துக்கு ஆட்களை இழுக்கும் சக்தி இருக்கிறது, ஆனால் பேச்சு வியாபாரமாக மாறும் இடத்தில் எங்கோ ஒழுகுகிறது என்பது தெரியாமலே போயிருக்கும். தபால் காலத்து ஆட்களும் இதே பள்ளத்தில் விழுந்துதான் கற்றார்கள். இலவசம் என்று பெரிதாகப் போட்டால் கூப்பன் மூட்டை மூட்டையாக வரும். பிறகு எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று பார்த்தால் வேறு விளம்பரம் முன்னால் நிற்கும்.

அந்த ஐந்து பேர் வித்தியாசம் நிஜமா என்று தெரிந்துகொள்ள இன்னும் எவ்வளவு நோட்டீஸ் அடிக்க வேண்டும்? இதே விகிதம் தொடர்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஏறக்குறைய 450 கூப்பன் சேர வேண்டும். பத்தாயிரம் நோட்டீஸுக்கு 53 கூப்பன் என்றால், 85 ஆயிரம் நோட்டீஸ். மதுரையில் அவர் பையனை அனுப்பக்கூடிய தூரத்தில் அத்தனை வீடுகளில் பேப்பர் வாங்குகிறார்களா என்பதே சந்தேகம். அத்தனையும் அடித்து முடிவதற்குள் அந்தச் சின்ன வித்தியாசத்தில் கிடைக்கும் லாபம் அச்சுக்கூலியிலேயே போய்விடும்.

இப்போது அந்தப் பத்தொன்பதரைக்கு வரலாம். கேப்பிள்ஸ் காலத்தவர்கள் பெரிய வித்தியாசங்களைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவர்கள் பரிசோதித்த வாசகங்கள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான தூரத்தில் இருந்தன. ‘அனுபவம்’ என்பதற்குப் பதில் ‘நீண்ட அனுபவம்’ என்று போட்டுப் பரிசோதிப்பது சின்னக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் இணையதளங்கள் வேண்டுமானால் பொத்தானின் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பத்தாயிரம் நோட்டீஸ் வைத்திருப்பவர் வேறு வேறு எண்ணங்களை மோத விட வேண்டும். ‘இன்று கூப்பிட்டால் இன்றே ஆள் வரும்’ என்பது ஒரு எண்ணம். ‘சர்வீஸ் கட்டணம் இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால் தர வேண்டாம்’ என்பது இன்னொன்று. நான் அந்த மகளாக இருந்தால் அடுத்து இந்த இரண்டையும்தான் மோத விடுவேன்.

கூப்பன் காட்டும் எண்ணிக்கையை இன்னொரு விதத்திலும் தப்பாகப் படிக்கிறார்கள். 53 கூப்பன் வந்தது, ஆகவே நோட்டீஸ் 53 வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அது இரண்டு பக்கமும் பிசகு. நோட்டீஸைப் பார்த்துவிட்டு, அதைத் தொலைத்துவிட்டு, நேரே கடைக்கு வந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் இந்த 53இல் இல்லை. எப்படியும் இந்த மாதம் இவரைத்தான் கூப்பிட இருந்த பழைய வாடிக்கையாளர், மடியில் கூப்பன் விழுந்ததும் நூறு ரூபாய் மிச்சம் என்று எடுத்து வைத்திருப்பார். அவர் 53இல் இருக்கிறார், ஆனால் நோட்டீஸ் கொண்டுவந்த ஆள் அல்ல. நோட்டீஸ் மொத்தத்தில் லாபமா என்று தெரிய வேண்டுமானால், சில தெருக்களுக்கு நோட்டீஸே போடாமல் விட்டு, அந்தத் தெருக்களிலிருந்து எத்தனை வேலை வந்தது என்று பில் முகவரியைப் பார்க்க வேண்டும். இரண்டு வாசகத்தை ஒப்பிடுவதற்கு இந்தப் பிசகு பெரிய தடை இல்லை. மறதிக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருப்பார்கள். கடிகாரம் பத்து நிமிடம் தாமதமாக ஓடினாலும் அதை வைத்து யார் முதலில் வந்தார்கள் என்று சொல்ல முடியுமே, அது மாதிரி.

சமமாக இல்லாமல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு நோட்டீஸில் கூப்பன் கட்டம் மடிப்பில் மறைந்துவிட்டால் அந்தப் பக்கம் குறையும். யாராவது ஒருவர் ‘ர’ கூப்பனைப் படம் எடுத்து அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் திடீரென்று வீங்கும். இதைக் கண்டுபிடிக்க வழி, கூப்பன் வந்த முகவரியைக் குறித்து வைப்பது. நோட்டீஸ் போகாத ஏரியாவிலிருந்து கூப்பன் வந்தாலோ, ஒரே அடுக்ககத்திலிருந்து ஒரே நாளில் எட்டு வந்தாலோ அவற்றைத் தனியாக வைத்துவிட்டு எண்ண வேண்டும். காகிதக் கூப்பனைக் கையில் வாங்கிக்கொண்டால்தான் தள்ளுபடி என்று வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். வாயால் சொல்லும் குறியீடுதான் ஓட்டைப் பாத்திரம். கல்லாவில் இருக்கும் பெண், கூப்பன் கொண்டுவராத பெரியவரைப் பார்த்து இரக்கப்பட்டு, “பரவால்ல தாத்தா, நானே போட்டுக்கறேன்” என்று தனக்கு மனப்பாடமான குறியீட்டை அடித்துவிடுவாள். அவளைத் திட்டுவதில் பயனில்லை. இப்படி வருகிறவர்களுக்கென்றே மூன்றாவது குறியீடு ஒன்றை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தாத்தாவுக்கும் தள்ளுபடி கிடைக்கும், கணக்கும் கெடாது.

நடுவில் எட்டிப் பார்ப்பது என்று ஒரு வியாதி இருக்கிறது. நாலாம் நாள் எண்ணி, ஏழாம் நாள் எண்ணி, வித்தியாசம் நமக்குப் பிடித்த பக்கம் பெரிதாகத் தெரியும் அன்று, ‘போதும், முடிவு தெரிந்துவிட்டது’ என்று நிறுத்துவது. இருபதில் ஒரு தடவை தற்செயல் ஏமாற்றும் என்றோமே, அது ஒரு தடவை பார்ப்பதற்கு. தினமும் பார்த்து, பிடித்த அன்று நிறுத்தினால் ஏமாறும் வாய்ப்பு அதைப்போல் பல மடங்கு. முப்பது நாள் என்று குறித்தால் முப்பது நாள்.

இத்தனையும் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே வாசகத்தை இரண்டு நோட்டீஸிலும் போட்டு, நம்பரையும் மூலை எழுத்தையும் மட்டும் மாற்றி, ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது. பணம் வீண் என்று அப்பா கத்துவார். ஆனால் அதிலும் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 60 என்று வந்தால், கோளாறு வாசகத்தில் இருக்க முடியாது. ஏஜென்ட் ஒரு கட்டை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டாரா, ஒரு சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் வரவில்லையா, அடுக்கிய ராத்திரி தூக்கக் கலக்கமா என்று தேட வேண்டியதுதான். முதல் தடவை இதைச் செய்துவிட்டு அடுத்த தடவை வாசகங்களை மோத விட்டால், வரும் எண்ணிக்கையை நிம்மதியாகப் பார்க்கலாம்.

முப்பது நாள் முடிந்ததும் எண்ணுவதை நிறுத்தலாம், சிம்மை எடுத்துவிடக் கூடாது. நோட்டீஸ் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் மாதக்கணக்கில் இருக்கும். ரீசார்ஜ் போடாமல் விட்டால் நம்பர் செத்து, பிறகு யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் மணி அடிக்கும்; ஆர்.ஓ. மெஷின் ஒழுகுகிறது என்று அவரிடம் முறையிடுவார்கள். அந்த நம்பரை அடுத்த நோட்டீஸில் போடவும் முடியாது, பழைய வாசகத்தின் ஆட்கள் அதில் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் இந்த வேலையில் இறங்கியவர்களின் மேஜை இழுப்பறையில் பழைய போன்கள் சேர்ந்துகொண்டே போகும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர்: ‘அனுபவம்’, ‘கேள்வி’, ‘இன்றே ஆள் வரும்’. எப்போதாவது ஒன்று அடிக்கும். எடுத்துப் பேச வேண்டும்; எண்ண வேண்டியதில்லை.